“சாலைக்கு வடக்கு” என்றால் சாலை எந்தப் பக்கம்?

மயிலாப்பூரில் வடக்கு மாட வீதி இருக்கிறது. அந்த வீதியின் வடக்கு வரிசையில் உள்ள ஒரு வீட்டின் பழைய பத்திரத்தை எடுத்தால், எல்லை சொல்லும் இடத்தில் “வடக்கு மாட வீதிக்கு வடக்கு” என்று இருக்கும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர், வீட்டுக்கு வடக்கே வீதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வீதி வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வீடுதான் வீதிக்கு வடக்கே இருக்கிறது. ஒரு “க்கு” இடம் மாறினால் மொத்த நிலமும் தலைகீழாகத் திரும்பிவிடும்.

சொத்து வாங்கப் போகும் குடும்பம் பத்திரத்தின் முதல் பக்கங்களைக் கவனமாகப் படிக்கும். யார் விற்கிறார், எவ்வளவு தொகை, தாய்ப்பத்திரம் எது என்றெல்லாம் பார்க்கும். கடைசியில் வரும் சொத்து விவரத்தை, அதாவது ஷெட்யூல் அல்லது தபசில் என்கிற பகுதியை, “அதான் இடத்தை நேர்ல பார்த்தாச்சே” என்று தாண்டிவிடும். ஆனால் பத்திரத்தில் நிலம் இருப்பது அந்த ஒரு பகுதியில்தான். மற்ற பக்கங்கள் எல்லாம் மனிதர்களைப் பற்றியவை.

ஷெட்யூலில் மூன்று விதமான அடையாளம் இருக்கும். முதலில் ஊர், சர்வே எண், மனை எண். அடுத்து அளவு. கடைசியாக நான்கெல்லை, பத்திர எழுத்தர் பேச்சில் செக்குபந்தி. மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. நான் பார்த்தவரை குடும்பங்களுக்குள் சண்டையைக் கொண்டுவருவது அதுதான்.

1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. நகரத்து வீடென்றால் தெருவின் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மற்ற நிலமென்றால் எந்தச் சாலையை, யாருடைய சொத்தை ஒட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சரி, விவரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எழுதிய எல்லை மண்ணில் இருக்கும் எல்லைதானா என்று சோதித்துவிட்டு யாரும் முத்திரை குத்துவதில்லை. பத்திரத்தில் தப்பாக எழுதினால் அந்தத் தப்பு அப்படியே பதிவாகி, அப்படியே வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடும். “ஈசில கரெக்டா இருக்கு சார்” என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். ஈசி பத்திரத்தின் நிழல்தான். கோணலை அது காட்டிக்கொடுக்காது.

பழைய தமிழ்ப் பத்திரத்தின் வழக்கம் இது: பக்கத்துச் சொத்தை முதலில் சொல்லி, அதற்கு எந்தத் திசையில் நம் சொத்து இருக்கிறது என்று சொல்வது. “கந்தன் மனைக்குக் கிழக்கு” என்றால் கந்தன் நமக்கு மேற்கே இருக்கிறார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பத்திரங்களில் பெரும்பாலும் கட்டம் போட்டு, வடக்கில் இன்னது, தெற்கில் இன்னது என்று எழுதுகிறார்கள். இங்கே நாம் நடுவில் நிற்கிறோம், பக்கத்துச் சொத்துகள் சுற்றி நிற்கின்றன. இரண்டு முறையும் சரியானவைதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது திசையைத் திருப்ப வேண்டும் என்பதை மறக்கும் இடத்தில்தான் வம்பு பிறக்கிறது.

பத்திரம் படித்துக் கருத்து சொல்லும் என் வேலையில், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. அடையாளம் தெரியாமலிருக்க எண்களை மாற்றிச் சொல்கிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில் 1986-ல் அப்பா வாங்கிய மனை, எண் 19. கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, மொத்தம் 2,400 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்ட். அந்தக் கிரயப் பத்திரத்தின் செக்குபந்தி இப்படி இருந்தது:

“20 அடி சாலைக்கு வடக்கு, 31-ம் எண் மனைக்குத் தெற்கு, 18-ம் எண் மனைக்குக் கிழக்கு, 20-ம் எண் மனைக்கு மேற்கு, இதற்கு மத்தியில் உள்ள மனை.”

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். சாலை கீழே, 31 மேலே, 18 இடது பக்கம், 20 வலது பக்கம். தெற்குப் பார்த்த மனை. எந்தக் குழப்பமும் இல்லை.

2009-ல் அப்பா இரண்டு மகன்களுக்கும் தனித்தனியாகச் செட்டில்மெண்ட் எழுதினார். சாலையை ஒட்டிய முன்பாதி, வீட்டோடு, பெரியவருக்கு. பின்பாதி காலி இடம் சின்னவருக்கு. பின்னால் இருப்பவர் சாலைக்கு வர வேண்டுமே, அதற்கு முன்பாதியின் கிழக்கு ஓரமாக 4 அடி அகலத்தில் பாதை. அப்பாவின் எண்ணம் தெளிவாகத்தான் இருந்தது. பெரியவரின் பத்திரம் பழைய முறையில் எழுதப்பட்டது. சின்னவருடையதை எழுதியவர் கட்டம் போட்டார். கையெழுத்துக் குறிப்பில் “அண்ணன் மனைக்கு வடக்கு, 31-ம் எண் மனைக்குத் தெற்கு, 18-ம் எண்ணுக்குக் கிழக்கு, 20-ம் எண்ணுக்கு மேற்கு” என்று இருந்ததை அவர் கட்டத்தில் இப்படி அடித்துவிட்டார்:

“வடக்கு: அண்ணன் மனை. தெற்கு: 31-ம் எண் மனை. கிழக்கு: 18-ம் எண் மனை. மேற்கு: 20-ம் எண் மனை.”

ஒரு சொல்கூட விடுபடவில்லை. நான்கு திசையும் இருக்கிறது, நான்கு பக்கத்துச் சொத்தும் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டத்தின்படி சின்னவரின் மனை அண்ணன் மனைக்குத் தெற்கே வருகிறது. மண்ணில் அண்ணன் மனைக்குத் தெற்கே இருப்பது சாலை.

பத்து வருடத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. இடையில் 2017-ல் அப்பா காலமானார். சின்னவர் வீடு கட்ட வங்கிக் கடனுக்குப் போனபோது, வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அப்போதுதான் சின்னவர் தன் ஷெட்யூலை முதல் முறையாகப் படித்திருக்கிறார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்போ சார், ரோட்டுப் பக்கம் எனக்கா?” பக்கத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டு பேர் கையிலும் இருப்பவை பதிவான பத்திரங்கள். அளவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டிலும் 40-க்கு 30, 1,200 சதுர அடி என்றுதான் இருக்கிறது. சர்வே எண்ணும் ஒன்றுதான், ஏனென்றால் உட்பிரிவு செய்யவில்லை. ஆகவே எது யாருடையது என்று சொல்லக்கூடியது நான்கெல்லை மட்டும்தான், அதுவே தலைகீழாக இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒரு கண்ணாடிச் சோதனை. இரண்டு சொத்துக்கு நடுவே உள்ள கோடு இரண்டு பத்திரத்திலும் வர வேண்டும், எதிரெதிர்த் திசையில் வர வேண்டும். 31-ம் எண் மனை நமக்கு வடக்கே இருந்தால், 31-ன் பத்திரத்தில் நாம் தெற்கு எல்லையாக இருக்க வேண்டும். அடுத்தவர் பத்திரம் நமக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவே வேண்டாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தை யாரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் கேட்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ம் பிரிவு சொல்கிறது. பக்கத்துச் சொத்துக்கு ஈசி போட்டால் ஆவண எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்து நகலுக்கு மனுப் போடலாம்.

31-ன் நகல் வந்தது. “19-ம் எண் மனைக்கு வடக்கு” என்று அதில் இருந்தது. அதாவது 31 நமக்கு வடக்கே. 20-ன் பத்திரத்தில் “19-ம் எண் மனைக்குக் கிழக்கு”. அதாவது 20 நமக்குக் கிழக்கே. 1986-ம் வருடத் தாய்ப்பத்திரமும் இவற்றோடு பொருந்தியது. சின்னவரின் கட்டம் ஒன்று மட்டும் எதோடும் ஒட்டவில்லை. எழுத்துப் பிழை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முன்பாதியில் வீடு இருக்கிறது, அதன் சொத்து வரி ரசீது அண்ணன் பெயரில் வருகிறது என்பவையும் துணைக்கு நின்றன.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எல்லையும் அளவும் முரண்பட்டால் எல்லைதான் செல்லும் என்று நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன. பலர் இதை இரும்பு விதியாக நினைக்கிறார்கள். எல்லைகள் தெளிவாக, மண்ணில் காட்டக்கூடியவையாக இருந்தால்தான் அந்த விதிக்கு உயிர். எல்லையே பொருந்தாமல் போனால், எழுதியவரும் வாங்கியவரும் எந்த இடத்தை நினைத்தார்கள் என்று நீதிமன்றம் மற்ற அடையாளங்களைத் தேடிப் போகும். வாங்குபவருக்கு இந்த விதி கையைக் கடிக்கும் இடமும் உண்டு. பத்திரத்தில் 2,400 என்று இருக்கிறது, நான்கு மதிலுக்கும் நடுவே அளந்தால் 2,310-தான் தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் 2,310. சதுர அடி 8,000 ரூபாய் என்று பேசியிருந்தால் குறைகிற 90 சதுர அடிக்கு 7,20,000 ரூபாய். அதை முன்பணம் கொடுக்கும் முன் பேச வேண்டும், பதிவுக்கு அப்புறம் பேசிப் பயனில்லை.

சகோதரர்கள் கதைக்கு வருகிறேன். திசைப் பிழையைக் கண்டுபிடித்ததும் எல்லோரும் எழுந்துகொள்ளப் பார்த்தார்கள். நான் கால்குலேட்டரை எடுத்தேன். பாகங்களைக் கூட்டினால் தாய்ப்பத்திரத்தின் மொத்தம் வர வேண்டும். இது பிரிந்து வரும் எந்தச் சொத்திலும் செய்ய வேண்டிய கூட்டல், ஆனால் யாரும் செய்வதில்லை. அண்ணனுக்கு 1,200. தம்பிக்கு 1,200. தம்பியின் பத்திரத்தில் கூடுதலாக “கிழக்கில் 4 அடி அகலம் 30 அடி நீளம் கொண்ட பாதை 120 சதுர அடி”. மொத்தம் 2,520. அப்பாவிடம் இருந்ததோ 2,400.

அந்த 120 சதுர அடிப் பாதை இரண்டு முறை கொடுக்கப்பட்டிருக்கிறது. பாதை அண்ணனின் முன்பாதியில்தான் ஓட வேண்டும். அப்படியானால் அவருடைய கிழமேல் அளவு 36 அடியாகக் குறைந்து, 1,080 சதுர அடி என்று இருந்திருக்க வேண்டும். கிழக்கு எல்லை “20-ம் எண் மனைக்கு மேற்கு” என்று இல்லாமல் “4 அடி பாதைக்கு மேற்கு” என்று இருந்திருக்க வேண்டும். அவர் பத்திரத்தில் பாதை என்ற சொல்லே இல்லை. போதாததற்குத் தம்பியின் கட்டத்தில் கிழக்கே 18 என்று போட்டிருப்பதால், “கிழக்கில் பாதை” என்பது 20-ஐ ஒட்டியா 18-ஐ ஒட்டியா என்பதும் சந்தேகமாகிவிட்டது. திசைப் பிழை தனியாக வராது, தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இதில் சட்டம் அண்ணன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இரண்டு செட்டில்மெண்ட்டில் அவருடையதுதான் முதலில் எழுதியது. ஒரே சொத்தை இரண்டு பேருக்கு எழுதினால் முந்தியவருக்கே முன்னுரிமை என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 48-ம் பிரிவு. அந்தப் பத்திரத்தில் 40 அடியும் கொடுத்தாகிவிட்டது. கொடுத்து முடித்த பட்டையை அப்பா தம்பிக்கு மறுபடி எப்படிக் கொடுப்பார்? அதற்காகத் தம்பி தன் மனையிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. ஒருவர் சொத்து பிரிந்து, ஒரு பாகத்துக்கு வெளியே போக வேறு வழியே இல்லாமல் போனால், மற்றப் பாகத்தின் வழியே போகும் உரிமை 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உண்டு. ஆனால் அது போக வர உள்ள உரிமை. நிலம் சொந்தமாகாது. வீட்டுப் பிளான் அனுமதிக்குப் போகும்போதும், விற்கப் போகும்போதும் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆகவே பாதை வரும் எந்த ஷெட்யூலிலும் மூன்றைக் கேளுங்கள். பாதையின் நிலம் யாருடையது? அதன் அகலமும் நீளமும் எழுதியிருக்கிறதா? அது யார் பாகத்தின் வழியாக ஓடுகிறதோ, அவர் பத்திரத்திலும் அது வருகிறதா? மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

இவ்வளவு நேரம் 40-க்கு 60 என்று சொல்லிவந்தேன். அது செவ்வகம்தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நான்கு பக்க அளவு மட்டும் ஒரு மனையின் பரப்பைத் தீர்மானிக்காது. தீப்பெட்டியின் வெளிக்கூட்டைப் பக்கவாட்டில் அமுக்கினால் பக்கங்களின் நீளம் மாறாமலே அது சப்பையாகிறதே, அதே கதைதான். பக்கம் 40-ம் 60-ம் இருந்தாலும் மனை சாய்ந்திருந்தால் 2,400 வராது. இதற்கு மூலைக்கு மூலை அளக்க வேண்டும். சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 அங்குலம் வரும். ஒன்று 70, மற்றொன்று 74 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். 100 அடி டேப்பும் இரண்டு ஆளும் போதும், பத்து நிமிஷ வேலை.

ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் சென்னையில் வேறொரு தலைவலி. புறநகரின் பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1997-ல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2018-ல் மாநகராட்சி எல்லை வரை சென்னை மாவட்டம் விரிந்தது. நிலம் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வந்திருக்கும். புதிய பத்திரத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், பழையதை விட்டுவிட்டால் ஈசியில் சங்கிலி அறுந்துபோகும். அரசு ஆவணத்தோடு ஒப்பிட eservices.tn.gov.in தளத்தில் பட்டாவும், நகர நிலமென்றால் டவுன் சர்வே பதிவேட்டு நகலும் கிடைக்கின்றன. அளவு சதுர அடியில் இருக்காது. 2,400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் அது 0 - 2.23 என்று வரும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர்.

எல்லையில் ஓடை, வாய்க்கால், ஏரிக்கரை என்ற சொல் வந்தால் மட்டும் நின்று படியுங்கள். “வாய்க்காலுக்கு மேற்கு” என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் வாய்க்கால் இருக்காது, காம்பவுண்டுச் சுவர் இருக்கும். தூர்ந்துபோனாலும் அது ஆவணத்தில் புறம்போக்காகத்தான் இருக்கும். அந்தச் சுவர் எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு அளக்காமல் அந்த இடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சகோதரர்களுக்கு மிஞ்சிய வழி பிழைதிருத்தல் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவர் ஒருவர் கையெழுத்தோடு ஒரு நாளில் முடிந்திருக்கும். அப்பா இல்லாததால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் சேர வேண்டியிருந்தது. அம்மா, இரண்டு மகன்கள், கல்யாணமாகி ஆவடியில் இருக்கும் ஒரே தங்கை. வாரிசுகளில் ஒருவர் மறுத்திருந்தாலும் 1963-ம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-ம் பிரிவுப்படி, பத்திரத்தைத் திருத்தித் தரச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். பிழைதிருத்தல் என்ற பெயரில் நிலத்தைக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. விஸ்தீரணம் கூடினால் அதைப் புதிய மாற்றமாகப் பார்த்துக் கட்டணம் கேட்க வாய்ப்புண்டு.

திசையைத் திருத்த யாரும் மறுக்கவில்லை. பாதைக்குத்தான் மூன்று உட்காரல் ஆனது. “120 அடி போகுதேன்னு பாக்கறேன்” என்றார் அண்ணன். “அப்பா காட்டின வழிதானேடா அது, நீயும் பக்கத்துல நின்னியே” என்றார் அம்மா. கடைசியில் பாதையின் நிலம் இருவருக்கும் பொது, பிரிக்கக் கூடாது, வண்டி நிறுத்தக் கூடாது என்று முடிவானது. அண்ணனின் தனிப் பாகம் 1,080 ஆனது. ஏற்கெனவே அவர் பேரில் இருந்த நிலத்தில் தம்பிக்குப் பங்கு வருவதால், பாதையை மட்டும் பிழைதிருத்தலில் சேர்க்காமல் தனியாக ஓர் ஏற்பாட்டுப் பத்திரம் போட்டோம்.

சின்னவரின் புதிய ஷெட்யூலை நான் இரண்டு முறையிலும் எழுதினேன், இனி யார் நகல் எடுத்தாலும் புரட்ட முடியாதபடி:

“தெற்கில் அண்ணனுக்குப் பாத்தியப்பட்ட மனையும் 4 அடி பொதுப் பாதையும் (இவற்றுக்கு வடக்கே இச்சொத்து உள்ளது). வடக்கில் 31-ம் எண் மனை (இதற்குத் தெற்கே இச்சொத்து உள்ளது). மேற்கில் 18-ம் எண் மனை (இதற்குக் கிழக்கே இச்சொத்து உள்ளது). கிழக்கில் 20-ம் எண் மனை (இதற்கு மேற்கே இச்சொத்து உள்ளது).”

கூடவே ஒரு வரைபடம் இணைத்து, வடக்கு அம்புக்குறி போட்டு, எல்லோரும் அதிலும் கையெழுத்திட்டார்கள். அம்மா மட்டும் படத்தை ஒரு முறை திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கிணறு எங்கே?” என்று கேட்டார். பின்பாதியில் தூர்ந்துபோன ஒரு கிணறு இருந்ததாம், எந்தப் பத்திரத்திலும் அது இல்லை. அதையும் ஒரு சின்ன வட்டமாக வரைந்துவிட்டுக் கொடுத்தேன்.